ஐப்பசியில் தளர்ந்து பங்குனியில் இறுகும் வயலின்

ஐப்பசி மழையில் திண்டுக்கல் வீடுகளில் முதலில் மக்கர் செய்வது கதவு. கோடை முழுக்க ஒழுங்காகச் சாத்திக்கொண்டிருந்த கதவு நிலையில் உரசும். தோளால் தள்ளித்தான் மூட வேண்டியிருக்கும். மரம் ஈரத்தை உறிஞ்சி அகலமாகிவிட்டது. கதவு உயரமாகவில்லை என்பதைக் கவனியுங்கள். ரேகை ஓடும் திசையில் மரம் கிட்டத்தட்ட வளர்வதே இல்லை. ரேகைக்குக் குறுக்கேதான் பெருக்கும், சுருங்கும். வயலினில் வரும் இரைச்சலுக்கும் விரிசலுக்கும் பெரும்பாலான விளக்கம் இந்த ஒரு குணத்திலேயே இருக்கிறது.

திண்டுக்கல் சமவெளியில் இந்தக் குணம் ஆண்டுக்கு இருமுறை சோதிக்கப்படுகிறது. மேற்கே பழனி மலை, கிழக்கே சிறுமலை. தென்மேற்குப் பருவமழையை மலை வாங்கிக்கொள்ள, சமவெளிக்கு ஆடி மாதத்தில் வந்து சேர்வது பெரும்பாலும் காய்ந்த காற்றுதான். ஊருக்கு முறையான மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த நாட்களில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டிப் பல நாள் நிற்கும். தை பிறந்ததும் இறங்கத் தொடங்கி, மாசி, பங்குனி மதியங்களில் 40 விழுக்காட்டுக்கும் கீழே போகும். வயலினுக்கு உகந்தது 40 முதல் 60 விழுக்காடு என்பது பொதுவான கணக்கு. நம் ஊர் அந்த எல்லையை இரண்டு பக்கமும் மீறுகிறது.

வயலினின் மேல் பலகை ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தில் செய்வது. அடிப் பலகையும், இரண்டையும் சுற்றி இணைக்கும் மெல்லிய பக்கப் பட்டியும் மேப்பிள். தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரையும் மேப்பிள்தான். குதிரையை எங்கேயும் ஒட்டுவதில்லை. தந்திகளின் அழுத்தமே அதை நிறுத்தி வைத்திருக்கிறது. உடலுக்குள்ளே, மெல்லிய தந்திப் பக்கத்துக் குதிரைக் காலுக்குச் சில மில்லிமீட்டர் பின்னால், மேல் பலகைக்கும் அடிப் பலகைக்கும் நடுவே ஒரு குச்சி நிற்கிறது. பென்சிலைவிடக் கொஞ்சம் மெல்லியது, சுமார் 6 மில்லிமீட்டர் கனம். இதுதான் சவுண்ட் போஸ்ட். இதற்கும் பசை கிடையாது. தடித்த தந்திப் பக்கத்தில் மேல் பலகையின் அடியில் பேஸ் பார் என்ற நீளமான சட்டம் ஒட்டப்பட்டிருக்கும்.

வில் இழுக்கும்போது தந்தி பக்கவாட்டில் அசைகிறது. அதனால் குதிரையும் இடமும் வலமுமாக ஆடுகிறது. சவுண்ட் போஸ்ட் இல்லாவிட்டால் ஒரு கால் கீழே அமுக்கும்போது மறுகால் அதே அளவு மேலே எழும். பலகையின் ஒரு பாதி காற்றைத் தள்ள, மறுபாதி இழுக்க, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். மந்தர ஸ்தாயி வெளியே கேட்காமல் மெலிந்துபோகும். போஸ்ட் ஒரு காலை ஏறத்தாழ அசையாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால் மறுகால் பேஸ் பாரோடு சேர்த்து மேல் பலகையைப் பெரிதாக அசைக்க முடிகிறது. போஸ்டை அரை மில்லிமீட்டர் நகர்த்தினாலே நாதம் மாறிவிடுவது இதனால்தான். குதிரையும் அப்படியே. திருச்சியில் பிறந்த சி. வி. ராமன், கொல்கத்தாவில் இருந்த காலத்தில் வில் தந்தியின் அசைவை ஆராய்ந்து 1918இல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார். அதே ஆண்டுகளில், குதிரையின் மேல் ம்யூட் என்ற சிறு எடையைச் செருகினால் வயலினின் தொனி ஏன் மாறுகிறது என்பதையும் ஆராய்ந்தார். சில கிராம் எடை கூடினாலே மாறிவிடுகிற இடம் அது.

இப்போது ஒரு வயலினை ஐப்பசியிலிருந்து பங்குனி வரை பின்தொடர்வோம். நாகல் நகரில் ஒரு வீட்டில், பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைக்காக ஆவணியில் வாங்கிய புது வயலின் என்று வைத்துக்கொள்ளலாம். தொழிற்சாலையில் செய்த, நடுத்தர விலைக் கருவி.

ஐப்பசி, கார்த்திகையில் பிருடைகள் பெருத்து இறுகும். சுருதி சேர்க்கத் திருகினால் நகராது. நகர்ந்தால் ஒரேயடியாகக் குதிக்கும். மேல் பலகை அகலத்தில் பெருக்கப் பார்க்கிறது. ஓரங்கள் பக்கப் பட்டியோடு ஒட்டியிருப்பதால் வெளியே விரிய வழியில்லை. எனவே வளைவு மேலே எழும்புகிறது. அதன்மேல் நிற்கும் குதிரையும் கூடவே உயர்கிறது. தந்தி ஃபிங்கர் போர்டிலிருந்து அரை மில்லிமீட்டரோ அதற்குக் கொஞ்சம் கூடவோ தள்ளிப்போகும். பிள்ளை விரல் வலிக்கிறது என்று சொன்னால் சோம்பல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உள்ளே இருக்கும் போஸ்டுக்கோ ரேகை மேலிருந்து கீழாக ஓடுவதால் அதன் உயரம் மாறுவதில்லை. பலகைகள் விலக, போஸ்ட் அதே உயரத்தில் நிற்க, அதன் பிடி தளர்கிறது. தந்திகள் இழுவையில் இருக்கும்வரை குதிரையின் அழுத்தம் அதைப் பிடித்து வைத்திருக்கும். புதுத் தந்தி போடுவதற்காக நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் போஸ்ட் சாய்ந்து விழ வாய்ப்பு மிக அதிகம். ஆகவே மழைக்காலத்தில் மட்டுமாவது ஒரு தந்தியைக் கழற்றி, புதியதைப் போட்டு, ஓரளவு இழுத்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

தை, மாசியில் எல்லாம் திரும்புகிறது. இங்கே ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடாகப் பல வாரங்கள் நீடித்தால் மரத்துக்குள் இருக்கும் ஈரம் அதன் எடையில் சுமார் 15 விழுக்காடு வரை போகும். காற்று 40 விழுக்காட்டில் நிலைத்தால் அது 8க்கு இறங்கும். வித்தியாசம் 7. ஸ்ப்ரூஸ், வயலினுக்கு அறுக்கும் முறையில், ஒவ்வொரு விழுக்காடு ஈர இழப்புக்கும் அகலத்தில் ஏறத்தாழ 0.13 விழுக்காடு சுருங்குகிறது. வயலினின் அகலமான கீழ்ப்பாகம் சுமார் 206 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 1.9 மில்லிமீட்டர் வருகிறது. வார்னிஷ் ஈரத்தைத் தாமதப்படுத்துவதால் உண்மையில் இதைவிடக் குறைவாகவே நடக்கும். ஒன்றரை மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், மூன்று மில்லிமீட்டர்கூட கனமில்லாத பலகைக்கு அது பெரிய விஷயம்.

பக்கப் பட்டியின் ரேகை வயலினைச் சுற்றி நீளவாக்கில் ஓடுகிறது. எனவே அது நீளத்தில் சுருங்காது. மேல் பலகை குறுகத் துடிக்கிறது, பக்கப் பட்டி விட மறுக்கிறது. இந்த இழுபறியில் ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். பழைய கைவினைஞர்கள் எது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வைத்தார்கள். மேல் பலகையை அவர்கள் ஒட்டுவது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசையால். நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்வது அதையே. மேல் பலகை ஒட்டும் இடத்தில் அதை வேண்டுமென்றே கொஞ்சம் நீர்க்க விட்டுப் பயன்படுத்துவார்கள். இறுக்கம் கூடும்போது பலகை பிளப்பதற்கு முன் ஓரத்து ஒட்டு விட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு. ஒட்டு விட்டால் வஜ்ஜிரத்தைச் சூடாக்கி மறுபடி ஒட்டிவிடலாம். பலகை பிளந்தால் அந்தத் தழும்பு காலத்துக்கும் இருக்கும். ஒட்டு விட்ட ஓரத்தில் ஃபெவிகாலோ உடனடிப் பசையோ வைத்து இறுக்குவது ஏன் தவறு என்பது இதிலிருந்தே தெரியும். அடுத்த பங்குனியில் ஓரம் விடாது, பலகை விடும். பின்னாளில் பழுதுபார்ப்பவர் திறக்க நேர்ந்தால் அந்தப் பசையோடு ஸ்ப்ரூஸ் நாரும் பிய்ந்து வரும்.

கோடைக்கு இன்னொரு முகம் உண்டு. வளைவு தாழ்வதால் குதிரை இறங்கி, தந்தி ஃபிங்கர் போர்டை நெருங்குகிறது. சில ஸ்வரங்களில் தந்தி அதில் பட்டு இரையும். பிருடைகள் சுருங்கி வழுக்கும், காலையில் சேர்த்த சுருதி மதியம் இருக்காது. உள்ளே போஸ்ட் உயரம் மாறாமல் நிற்க, பலகைகள் அதை நெருக்குகின்றன. மழைக்காலத்தில் தளர்வாக இருக்கிறது என்று யாராவது நீளமான போஸ்ட் போட்டிருந்தால், பங்குனியில் அது உள்ளிருந்து பலகையை முட்டிக்கொண்டு நிற்கும்.

இனி இரைச்சலை வாசிக்கப் பழகுவோம். முதலில் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். விரல் வைக்காத திறந்த தந்தியில் மட்டும் வந்தால் பிருடைப் பக்கத்துச் சிறு மேட்டில் தந்தியின் பள்ளம் ஆழமாகிவிட்டது. ஒரு தந்தியில் அடுத்தடுத்த பல ஸ்வரங்களில் வந்தால் ஃபிங்கர் போர்டு தேய்ந்திருக்கிறது அல்லது குதிரை தாழ்ந்திருக்கிறது. நம் கமகங்களில் ஒரே இடத்தில் விரல் ஆயிரக்கணக்கான முறை வழுக்குவதால் தந்தியின் அடியில் வாய்க்கால் போல் பள்ளம் விழும். ஜன்னல் வெளிச்சம் ஃபிங்கர் போர்டில் சாய்வாக விழும்படி பிடித்துப் பார்த்தால் அந்தப் பள்ளம் நிழலாகத் தெரியும்.

ஒரே ஒரு ஸ்வரத்தில், எந்தத் தந்தியில் வாசித்தாலும் அதே உயரத்தில் இரைந்தால் வயலினில் ஏதோ ஒரு தளர்ந்த துண்டு அந்த அதிர்வுக்குத் தானும் ஆடுகிறது. முதலில் எளிதானதைத் தேட வேண்டும்: டெயில்பீஸில் இருக்கும் ஃபைன் ட்யூனரின் திருகு தளர்ந்திருக்கிறதா, முகவாய்க்கட்டை டெயில்பீஸைத் தொடுகிறதா, தந்தியின் சுற்றுக்கம்பி அவிழ்ந்திருக்கிறதா. சட்டைப் பொத்தானோ கழுத்துச் சங்கிலியோ உடலைத் தொட்டாலும் இரையும். தரையில் அமர்ந்து, வயலினை மார்போடு சாய்த்து வாசிக்கும் நம் முறையில் இது அடிக்கடி நடக்கிறது. இவை எதுவும் இல்லையென்றால் ஓரத்து ஒட்டைச் சோதியுங்கள். வயலினை மடியில் வைத்து, ஆள்காட்டி விரலின் முட்டியால் ஓரம் முழுக்க, இரண்டு சென்டிமீட்டருக்கு ஒருமுறை மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டு நன்றாக இருக்கும் இடத்தில் டொக் என்று இறுக்கமாகக் கேட்கும். விட்ட இடத்தில் சத்தம் இரண்டாகப் பிரிந்து, சளசளவென்று வரும். அடிப் பலகையின் ஓரத்தையும் விடாதீர்கள். முகவாய்க்கட்டைக்கு அடியில் வியர்வை இறங்குவதால் அங்கே ஒட்டு சீக்கிரம் விடும்.

இதில் நீங்களே செய்யக்கூடியது எது என்றால் குதிரை. சுருதி கூட்டும்போதெல்லாம் தந்தி குதிரையின் தலையைப் பிருடைப் பக்கம் இழுக்கிறது. கர்நாடக வயலின்காரருக்கு இது மற்றவர்களைவிட அதிகம். இன்று ஒரு கட்டைச் சுருதியில் பாடுபவருக்கு வாசித்துவிட்டு, நாளை இரண்டு கட்டைக்குச் சேர்த்தால் தந்தியின் இழுவை சுமார் 26 விழுக்காடு கூடுகிறது, ஏனென்றால் இழுவை அதிர்வெண்ணின் வர்க்கத்தில் ஏறும். ஒவ்வொரு முறையும் குதிரை கொஞ்சம் முன்னே சாயும். கவனிக்காமல் விட்டால் வளைந்து, ஒரு நாள் டப்பென்று விழும். அந்த அதிர்ச்சியில் போஸ்டும் விழுந்துவிடும்.

குதிரையின் டெயில்பீஸ் பக்கத்து முகம் பலகைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டின் மூலையை அங்கே வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் வயலினை மடியில் கிடத்தி, தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி, இரு கைகளின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குதிரையின் மேல் விளிம்பைப் பிடிக்க, சிறிது சிறிதாகப் பின்னால் இழுங்கள். கால்கள் நகரக் கூடாது. இரண்டு கால்களும் எஃப் துளைகளின் உள்பக்க வெட்டுகளுக்கு நேராக இருக்க வேண்டும். தந்தி இருக்கும் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்தால் அடுத்த முறை சுலபமாக வழுக்கும். குதிரை ஏற்கெனவே வில்போல வளைந்திருந்தால் நிமிர்த்த முயல வேண்டாம், புதிது வெட்ட வேண்டும். கடையில் விற்கும் குதிரையை வாங்கி அப்படியே வைப்பதும் கூடாது. அதன் கால்கள் உங்கள் வயலினின் வளைவுக்கு ஏற்பச் சீவப்பட வேண்டும். காலுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு தாள் நுழைந்தால்கூட நாதம் போய்விடும், பலகையில் பள்ளமும் விழும்.

போஸ்டைத் தொடாதீர்கள். அதை நிறுத்துவதற்கு எஃப் துளை வழியாகப் போகும் எஸ் வடிவக் கம்பி இருக்கிறது, இணையத்தில் மலிவாகவும் கிடைக்கிறது. பழக்கமில்லாத கையில் அது துளையின் விளிம்பைச் சிதைக்கும், பலகையின் உள்பக்கத்தைக் கீறும். போஸ்டின் இரு முனைகளும் பலகைகளின் உள் வளைவுக்குச் சரியாகப் படியும் கோணத்தில் வெட்டப்பட்டிருக்க வேண்டும். ஒரு முனை ஓரத்தில் மட்டும் படிந்தால் அந்த ஓரம் ஸ்ப்ரூஸில் இறங்கிக் குழி பறிக்கும். போஸ்ட் விழுந்துவிட்டால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே: உடனே எல்லாத் தந்திகளையும் தளர்த்துங்கள். சுருதி சேர்ந்த வயலினில் குதிரை பல கிலோ எடையோடு பலகையை அமுக்குகிறது. கீழே தாங்க ஒன்றுமில்லாமல் அந்தச் சுமை அப்படியே நின்றால் பலகை அமுங்கிப் பிளந்துவிடும்.

விரிசலா, வார்னிஷ் கீறலா என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். கீறல் எந்தத் திசையிலும் ஓடும், மேலோட்டமாக நின்றுவிடும். விரிசல் ரேகையோடு மட்டுமே ஓடும். இருட்டறையில் கைபேசி விளக்கை ஒரு எஃப் துளைக்குள் சாய்த்துக் காட்டி, வெளியிலிருந்து பாருங்கள். திறந்த விரிசல் ஒளிக்கோடாகத் தெரியும். தெரியாவிட்டால் கோட்டின் ஒரு பக்கத்தை விரல் நுனியால் லேசாக அமுக்குங்கள். ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் அப்படியே நின்றால் அது விரிசல்தான்.

எல்லா விரிசலும் ஒரே எடை கொண்டவை அல்ல. டெயில்பீஸின் நரம்பு உட்காரும் கருங்காலித் துண்டின் இரு ஓரங்களிலிருந்து சிறு விரிசல் புறப்படுவதுண்டு. கருங்காலி நீளவாக்கில் சுருங்காது. சுற்றியுள்ள ஸ்ப்ரூஸ் சுருங்கி அதன்மேல் மோதிப் பிளக்கிறது. துண்டின் ஓரத்தில் ஒரு முடியளவு இடைவெளி விட்டிருந்தால் இது வராது. சில வாரங்களுக்குள் பழுதுபார்ப்பவரிடம் காட்டினால் போதும். எஃப் துளையின் ஓரத்தில் வருவதும் அவ்வளவு அவசரமில்லை, ஆனால் வாசிப்பதை நிறுத்துவது நல்லது. குதிரையின் மெல்லிய தந்திப் பக்கக் காலுக்கு அருகிலிருந்து மேலும் கீழும் நீளும் கோடு வேறு வகை. உள்ளே போஸ்ட் முட்டுகிறது, வெளியே குதிரைக் கால் அமுக்குகிறது, நடுவில் பலகை கிழிகிறது. இதை ஒட்டினால் மட்டும் நிற்காது. மேல் பலகையைக் கழற்றி, போஸ்ட் நிற்கும் இடத்தில் கொஞ்சம் மரத்தைக் குடைந்து, புது ஸ்ப்ரூஸைப் பதித்து, அதன்மேல் புதுப் போஸ்டை நிறுத்த வேண்டும். அதே இடத்தில் அடிப் பலகையில் விரிசல் வந்தால் இன்னும் மோசம். விலை குறைந்த வயலினுக்கு இந்த வேலையின் கூலி புது வயலினின் விலையைத் தாண்டிவிடலாம். பழுதுபார்ப்பவரிடம் அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். பேஸ் பார் ஓடும் கோட்டில் விரிசல் வந்தாலும், பேஸ் பாரே ஒட்டு விட்டு மந்தரத்தில் இரைந்தாலும் பலகையைத் திறந்துதான் ஆக வேண்டும்.

விரிசலைக் கண்டதும் விரல் தந்தியில் வழுக்கி ஓடுவதற்காகப் பூசும் தேங்காயெண்ணெயோ, வார்னிஷ் மெருகு எண்ணெயோ அங்கே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் இறங்கிய மரத்தில் வஜ்ஜிரம் ஒட்டாது. விரிசல் எவ்வளவு சுத்தமாகவும் புதிதாகவும் வந்து சேருகிறதோ, அவ்வளவு கண்ணுக்குத் தெரியாமல் அதை மூட முடியும்.

இந்த வேலை தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் குறைவு. சென்னையில் லால்குடி அறக்கட்டளை, கலிபோர்னியாவின் ஜேம்ஸ் விம்மர் என்ற கைவினைஞரை வரவழைத்துப் பழுதுபார்ப்பு முகாம்கள் நடத்தியதற்கு இந்தப் பற்றாக்குறையே காரணம். திண்டுக்கல்லிலிருந்து வயலின் பெரும்பாலும் மதுரைக்கோ சென்னைக்கோ பயணம் போக வேண்டியிருக்கிறது. அதனால் பழுது வராமல் காப்பதற்கு இங்கே கூடுதல் மதிப்பு உண்டு. பெட்டிக்குள் ஒரு சிறிய ஈரப்பதமானி வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் எண் 40க்குக் கீழே போனால், மூடியில் துளையிட்ட சோப்பு டப்பாவில் நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சை வைத்து, தந்திகளைத் தொடாமல் பெட்டியின் மூலையில் வையுங்கள். மழையில் 70ஐத் தாண்டினால் சிலிக்கா ஜெல் பை. ஏர் கூலர் ஓடும் அறை கோடையிலும் ஈரமாகவே இருக்கும்; இரவு கூலர், பகல் வெயில் என்று வயலின் தினமும் இரு பருவங்களைப் பார்ப்பதைவிட, மூடிய பெட்டியில் கூலர் இல்லாத அறையில் இருப்பது மேல். கொடைக்கானலுக்குக் கொண்டுபோனால், இரண்டாயிரம் மீட்டர் உயரத்துக் குளிர்ந்த பனிக்காற்றில் போனதும் பெட்டியைத் திறக்காமல், ஓரிரு மணி நேரம் வைத்துவிட்டுத் திறவுங்கள். மதிய வெயிலில் பூட்டிய காரில் விட்டுப் போகவே வேண்டாம். உள்ளே 60 டிகிரி வந்தால் வஜ்ஜிரமும் இளகும், வார்னிஷும் பெட்டித் துணியில் ஒட்டும்.

பழுதுக்கு அனுப்பும்போது தந்திகளை முழுதும் கழற்றாமல், குதிரை விழாத அளவு மட்டும் தளர்த்துங்கள். போஸ்ட் விழுந்திருந்தாலோ குதிரைக் கால் பக்கத்தில் விரிசல் என்றாலோ மட்டும் முழுதும் தளர்த்தி, குதிரையை எடுத்துத் துணியில் சுற்றித் தனியே வையுங்கள். டெயில்பீஸுக்கு அடியில் மடித்த பருத்தித் துணி ஒன்று இருக்கட்டும், ஃபைன் ட்யூனர் திருகுகள் வார்னிஷைக் குத்தாது. விழுந்த போஸ்டை எஃப் துளை வழியாகக் குலுக்கி எடுக்க முயலாமல் உள்ளேயே விட்டுவிடுங்கள். எந்த மாதத்தில், எந்த ஸ்வரத்தில், திறந்த தந்தியிலா விரல் வைத்தா, சத்தம் முதலில் கேட்டது என்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். ஐப்பசியில் வந்த இரைச்சலுக்கும் பங்குனியில் வந்த இரைச்சலுக்கும் போஸ்டின் உயரத்தைப் பற்றிப் பழுதுபார்ப்பவர் எடுக்கும் முடிவு வேறு வேறாக இருக்கும்.